சிறுகதையும் ஒரு சண்டையும்: சூசை எந்த பேட்டரியை எடுத்திருக்க வேண்டும்?

உப்பளத்தான் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, ஒரு சின்னக் கதை எழுதியிருக்கிறேன். மணப்பாட்டுப் பக்கம் பைபர் படகில் வழிவலைக்குப் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. நடை எப்படி என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியில் அந்த மனிதர் எடுத்த முடிவு சரியா, அதை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் இதை வைத்தே இரண்டு கட்சியாகிவிட்டோம்.

*பேட்டரி*

ஏலக்கொட்டகையில் மத்தியான நேரத்தில் யாரும் இல்லை. மீன் நிறுக்கிற தராசுக் கொக்கியில் சூசை தன் விளக்கு பேட்டரியைக் கயிற்றோடு மாட்டினார். முள் 17-ஐத் தாண்டி நின்றது. அதைக் கழற்றி இறக்கிவிட்டு, மருமகன் அமல் வாங்கி வந்த நீல டப்பாவை மாட்டினார். முள் இரண்டரையைக் கொஞ்சம் தாண்டி ஆடியது.

"ஒரு குட்டிச் சீலா எடதான் இருக்கு, மாப்ள."

"அதுக்குத்தான மாமா வாங்குனது. இனிமே தோள்ல சுமக்க வேண்டாம்ல."

வீட்டிலிருந்து படகு ஏற்றி வைத்திருக்கும் இடம் வரைக்கும் மணல்தான். சாயங்காலம் போகும்போது சுமப்பது ஒன்றுமில்லை. இரவெல்லாம் கடலில் வலையை இழுத்து வாங்கிவிட்டு, ஈரக் கைலியோடு அதே 17 கிலோவைத் திரும்பச் சுமந்து வரும்போதுதான் முழங்கால் பேசும். சூசையின் சட்டைகளில் எல்லாம் இடது தோளில் ஆசிட் தின்ற ஓட்டைகள். கடலுக்குப் போகாத நாளில்கூட அவர் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தால் தெரியும்.

சனிக்கிழமை இரவு முற்றத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் முழு சார்ஜ். ஒவ்வொன்றுக்கும் 20 வாட் பல்பு இரண்டிரண்டு. ஏழு மணிக்கு எரியவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். மறுநாள் ஞாயிறு, யாரும் கடலுக்குப் போவதில்லை. விடிய விடிய விழித்திருக்கலாம்.

ஒரு மணிவரை இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். சொல்லப்போனால் நீல டப்பா பக்கம்தான் ஒரு பொட்டு கூடுதல். ஒன்றேகால் வாக்கில் அந்தப் பக்கம் இருட்டானது. மினுக்கவில்லை, மங்கவில்லை. எரிந்துகொண்டிருந்தது, அப்புறம் எரியவில்லை.

சூசை எழுந்து பல்பை மாற்றிப் பார்த்தார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டு அமல் வெளியே வந்தான்.

"பேட்டரி தானா கட் பண்ணிக்கிச்சு மாமா. உள்ள ஒரு போர்டு இருக்கு. சார்ஜ் எறங்கினா அது நிறுத்திரும். ஒண்ணும் கெட்டுப் போகல."

"எனக்குச் சொல்லாமயா நிறுத்தும்?"

பழைய பேட்டரி இரண்டரை மணிக்கு மேல் மங்கத் தொடங்கியது. முதலில் சந்தேகம் மாதிரி, பிறகு நிச்சயமாக. மூன்றரைக்குச் சுவரில் அவருடைய நிழல்கூட விழவில்லை. அதுவரைக்கும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பாதி வலை வாங்கிவிடலாம்.

வலை பாய்ச்சி, எஞ்சினை அணைத்துவிட்டு, நீவாட்டோடு, கடல் ஓட்டத்தின் போக்கிலேயே படகு போய்க்கொண்டிருக்கும்போது, மூங்கிலில் கட்டிய அந்த ஒரு விளக்குதான் அவர் அங்கே இருக்கிறார் என்று விசைப்படகுகளுக்குச் சொல்வது.

திங்கட்கிழமை சாயங்காலம் சூசை பழைய பேட்டரியைத் தோளில் ஏற்றினார். அமல் ஒன்றும் பேசாமல் நின்றான்.

"மூஞ்சியத் தூக்காத மாப்ள. இது சொல்லிட்டுச் சாவும். அது சொல்லாமச் சாவும்."

---

டெக்_பாண்டியன்

கதை நல்லா இருக்கு ப்ரோ. ஆனால் சூசை முடிவு நூறு சதவீதம் தப்பு. லித்தியம் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் போடலாம், ஈய பேட்டரி சில நூறு தடவையில் படுத்துவிடும். 15 கிலோ குறைந்தால் படகு லேசாகும், எரிபொருள் மிச்சம், அந்தக் கணக்கையே கதையில் காணோம். "சொல்லாமச் சாவும்" என்பதும் அறியாமைதான். முந்நூறு ரூபாய்க்கு ஒரு வோல்ட் மீட்டர் மாட்டினால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பளிச்சென்று காட்டிவிடும்.

---

கம்பிவடம்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பேட்டரி, டைனமோ, செல்ப் மோட்டார் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி டப்பாக்கள் வாரத்துக்கு ரெண்டு மூன்றாவது மேசைக்கு வரும்.

பாண்டியன் தம்பி, ஆயுள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மீட்டர் விஷயத்தில்தான் சூசை உங்களை விட விவரம். ஈய பேட்டரியில் மீட்டர் வேலை செய்யும். எதையும் எரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால், முழுசாக இருக்கும்போது 12.7, பாதியில் 12.2, கிட்டத்தட்ட காலியில் 11.8. படிப்படியாக இறங்கும். கதையில் வரும் நீல டப்பா, எடையைப் பார்த்தால், இரும்பு பாஸ்பேட் வகை லித்தியமாகத்தான் இருக்க வேண்டும். அது முக்கால்வாசி சார்ஜிலும் 13.2 காட்டும், பாதியிலும் ஏறத்தாழ அதையேதான் காட்டும், பாதிக்குக் கீழே கொஞ்சம் போனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடைசியில் மட்டும் சரேலென்று விழும். அந்த விழுகிற நேரத்தில் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் போர்டு கதவைச் சாத்திவிடும். அந்த மீட்டரை நம்பி நடுக்கடலில் உட்கார்ந்தால் அந்த ஒன்றேகால் மணி கதைதான்.

எரிபொருள் கணக்கும் ஒத்துவராது. நனைந்த வலை, ஐஸ் பெட்டி, எஞ்சின், கேன், மூன்று ஆள். இத்தனைக்கும் நடுவில் 15 கிலோ படகுக்குத் தெரியவே தெரியாது. அந்த எடை தெரிவது மணலில் மட்டும்தான். அதைக் கதை சரியாகப் பிடித்திருக்கிறது.

ஆனால் சூசை பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஈய பேட்டரி எப்போதும் சொல்லிவிட்டுத்தான் சாகும் என்பது புதுசாக, நன்றாக இருக்கும் பேட்டரிக்கு உண்மை. பழசில் ஆறு அறையில் ஒரு அறை ஷார்ட் ஆகிவிட்டால் ஒரே அடியில் 2 வோல்ட் போய்விடும். 12.4 இருந்தது 10.4 ஆகிவிடும். அதற்கு முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. படகு அடியில் தட்டித் தட்டி உள்ளே தகட்டிலிருந்து உதிர்ந்த மாவு அடியில் சேர்ந்து இப்படி ஆவது உண்டு. அப்புறம், அந்த முற்றத்துச் சோதனையில் ஈய பேட்டரியை நிழல் விழாத அளவுக்கு இறக்கினாரே, அந்த ஒரு ராத்திரியில் அதன் ஆயுளில் கொஞ்சம் போச்சு. பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால்தான் அது உழைக்கும்.

---

நேர்மையாளன்

இந்த மாதிரிக் கதைகளை எழுதும்போது கொஞ்சம் பொறுப்பு வேண்டும். விளக்கு போட்டு மீன்பிடிப்பது தடை செய்யப்பட்ட தொழில். 2017 நவம்பரில் ஒன்றிய அரசே உத்தரவு போட்டுவிட்டது. எல்ஈடி விளக்கை வைத்துக் குஞ்சு மீன் வரை வாரிக்கொண்டு போவதால்தான் கடல் காலியாகிறது. அதைச் செய்பவரை நாயகனாக்கி அனுதாபம் தேட வேண்டுமா?

---

உப்பளத்தான்

ஐயா, கதையை இன்னொரு தடவை படியுங்கள். சூசை மீனை இழுக்க விளக்கு போடவில்லை. படகு தெரிவதற்காக மூங்கிலில் ஒன்று, வலை வாங்கும்போது மீனைக் கழற்ற ஒன்று. மொத்தம் 20, 30 வாட். நீங்கள் சொல்லும் தடை ஜெனரேட்டர் வைத்துப் பெரிய பெரிய விளக்குகளைக் கடல் மேல் அடித்து மீனைக் கூட்டுவதற்கு. விளக்கே இல்லாமல் ராத்திரியில் வலையோடு மிதந்தால்தான் தப்பு.

---

நேர்மையாளன்

அப்படியென்றால் சரி. ஆனால் "விளக்கு பேட்டரி" என்று போட்டால் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

---

ஜெபமாலை

இங்கே எல்லோரும் படகில் பேட்டரி என்ன செய்கிறது என்றே பேசுகிறீர்கள். வீட்டில் அது என்ன செய்கிறது என்று நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரரும் இதே தொழில்தான். அவர் காலையில் வந்து படுத்துவிடுவார். பேட்டரியைச் சார்ஜில் போடுவது, தண்ணீர் மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, முனையில் பூக்கிற பச்சையும் வெள்ளையுமான உப்பை வெந்நீர் விட்டுச் சுரண்டி கிரீஸ் தடவுவது எல்லாம் என் வேலை. சார்ஜ் ஏறும்போது கொதிக்கிற மாதிரி சத்தம் வரும், ஒரு புளித்த நெடி வரும். எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் அடுப்படிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஏனென்றால் அதிலிருந்து வருகிற காற்று பற்றிக்கொள்ளும் என்று பாலிடெக்னிக் படித்த என் தம்பி சொல்லியிருக்கிறான். சேலையில் ஆசிட் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போது அந்த இடம் இருக்காது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று. ஒருநாள் காற்று அடித்ததில் பேட்டரி சாய்ந்து மூடி வழியாக ஆசிட் வலை மேல் ஒழுகிவிட்டது. கடல் தண்ணீரில் அலசினோம், ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தோம். அடுத்த தடவை வாங்கும்போது ஆசிட் பட்ட இடத்தில் கண்ணி கண்ணியாக நூல் அறுந்து வருகிறது. கையால் இழுத்தாலே போகிறது. பக்கத்தில் இருந்த கயிறு நன்றாக இருந்தது, வலைதான் போச்சு. அந்தத் துண்டத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்துக் கட்டினோம். அந்த வலைத் துண்டத்தின் விலைக்கு அந்த நீல டப்பா ஒன்று வந்திருக்கும்.

கதையில் சூசைக்குப் பெண்டாட்டி இல்லையா? இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

---

கம்பிவடம்

அக்கா சொன்ன வலை விஷயம் முழுக்க நிஜம். வலை நைலான், கயிறு வேறு பிளாஸ்டிக். ஆசிட் நைலானைத் தின்னும், அந்தக் கயிற்றை ஒன்றும் செய்யாது. அதனால்தான் கயிறு தப்பித்தது. கடல் தண்ணீர் ஊற்றியதோடு விடாமல் சோப்புத் தண்ணீரோ ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரோ ஊற்றிக் கழுவியிருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

உள்ளே தண்ணீரே ஊற்றத் தேவையில்லாத மூடின ஈய பேட்டரியும் இருக்கிறது. அது சாய்ந்தால் ஒழுகாது. ஆனால் சூட்டில் சீக்கிரம் போய்விடும். 25 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது கணக்கு. நம் ஊர் வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் பேட்டரிக்கு அது என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது "சொல்லாமச் சாவும்" என்பதற்கு வருகிறேன். அதற்கு வழி இருக்கிறது. குறைந்த வோல்ட்டில் கத்துகிற ஒரு சின்ன பஸ்ஸர் போர்டு வாங்கி 12.8-ல் வைத்து, பேட்டரி முனையிலேயே நேராக மாட்டிவிடுங்கள். சூசை போடுகிற மாதிரி சின்ன லோடில், இந்த வகை லித்தியம் 12.8-க்கு வரும்போது ஏறத்தாழ பத்திலிருந்து இருபது சதவீதம் மிச்சம் இருக்கும். 20 ஆம்பியர் ஹவர், அதாவது 20 ஏஎச் டப்பாவில் அது 2 முதல் 4 ஏஎச். ஒரு ஆம்பியர் எடுக்கிற விளக்குக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கத்தியவுடனே வலை வாங்கத் தொடங்கிவிடலாம். இதே 12.8-ஐ ஈய பேட்டரியில் வைத்தால் பஸ்ஸர் முதல் நிமிஷத்திலிருந்தே கத்தும். முழு சார்ஜிலேயே அது 12.7 தானே. அதனால் ஒன்றுக்கு வைத்த அளவை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது.

இன்னும் நல்லது, உள்ளே போகிற கரண்ட்டையும் வெளியே வருகிறதையும் எண்ணிக் கணக்கு வைக்கிற மீட்டர். அது விலை கொஞ்சம் கூட. உப்புக் காற்றில் எத்தனை நாள் ஓடும் என்பது பெட்டியைப் பொறுத்தது.

---

டெக்_பாண்டியன்

அண்ணே, அப்போ நான் சொன்னது சரிதானே, மீட்டர் மாட்டினால் போதும் என்றுதானே நானும் சொன்னேன்.

---

கம்பிவடம்

நீங்கள் சொன்னது வேற மீட்டர் தம்பி.

---

சின்னமுட்டம்_ஜோ

அண்ணே நானும் இந்த மாதிரி ஒரு பேக் ஆன்லைனில் வாங்கியிருக்கேன். 12 வோல்ட் 20 ஏஎச் என்று போட்டிருக்கு. நீலப் பிளாஸ்டிக் சுற்றி இருக்கு, ரொம்ப லேசு. பழைய பேட்டரி சார்ஜரிலேயே போடுறேன், ஏறுது. என்ன, கொஞ்சம் சூடாகுது, ஒரு ஓரம் லேசா உப்பின மாதிரி இருக்கு. நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல விளக்கு நிக்க மாட்டேங்குது. கம்பெனிக்காரன் போனை எடுக்கல.

---

கம்பிவடம்

ஜோ தம்பி, இதைப் படித்தவுடனே அந்த சார்ஜரைக் கழற்றுங்கள். பேக்கை வீட்டுக்கு வெளியே மணலிலோ சிமெண்ட் தரையிலோ வையுங்கள், பக்கத்தில் எரிகிற பொருள் இருக்கக் கூடாது. உப்பின பேக்கை இனிமேல் சார்ஜ் போடாதீர்கள். அதன் காலம் முடிந்தது. அப்புறம் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, ஸ்டிக்கரில் எங்காவது 11.1 என்றோ 12.8 என்றோ சின்ன எழுத்தில் இருக்கிறதா? 12.8 என்றால் பாஸ்பேட் வகை, உள்ளே நாலு செல் வரிசையாக இருக்கும், 14.4, 14.6 வரை சார்ஜ் ஏற்றலாம். அதனால் சாதாரண ஈய சார்ஜர் பல நேரம் அதற்கு ஒத்துப்போகும். சார்ஜரில் பழைய பேட்டரியைத் தேற்றுகிற மோடு ஒன்று இருந்து அது 15-க்கு மேல் தள்ளினால் மட்டும் ஆகாது. 11.1 என்றால் கதையே வேறு. உள்ளே மூன்று செல்தான். மொத்தம் 12.6-க்கு மேல் போகக் கூடாது. அதற்கு ஈய சார்ஜரை மாட்டினால் 14.4-ஐ மூன்று செல் பங்கு போட்டுக்கொள்ளும், ஒரு செல்லுக்கு 4.8. அது தாங்குவது 4.2. நல்ல போர்டு இருந்தால் நடுவில் கட் பண்ணிவிடும். விலை மலிவான பேக்கில் அந்த போர்டு இருக்கும் என்று நம்பிப் படுக்க முடியாது. சூடாகிறது, உப்புகிறது என்கிறீர்கள், எனக்கு அந்தச் சந்தேகம்தான்.

இரண்டாவது, தராசில் வைத்துப் பாருங்கள். மீன் நிறுக்கிற தராசு போதும். பாஸ்பேட் வகையில் நிஜமான 20 ஏஎச் என்றால் செல் மட்டுமே ரெண்டு கிலோவைத் தொடும், டப்பாவோடு ரெண்டரை வரும். மூன்று செல் வகையில் நல்ல செல் போட்டிருந்தாலும் எண்ணூறு கிராமுக்குக் குறையாது. அதற்கும் கீழே இருந்தால் ஸ்டிக்கர் பொய்.

---

சின்னமுட்டம்_ஜோ

வெளியில வச்சிட்டேன் அண்ணே. 11.1ன்னு அடியில இருக்கு. எடை 640 கிராம்.

---

கம்பிவடம்

640 கிராமில் 20 ஏஎச் நிற்காது. நல்ல செல்லாக இருந்தாலே 14, 15-க்கு மேல் வராது. நாலஞ்சு மணி நேரம் எரிந்தது என்றால் அதைவிடவும் கம்மி. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல்லைப் புதுப் பிளாஸ்டிக் சுற்றி விற்கிறார்கள், அதுவாகவும் இருக்கலாம், பிரிக்காமல் சொல்ல முடியாது. நீங்களும் பிரிக்காதீர்கள். பேட்டரிக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

---

மூக்குக்கண்ணாடி

நான் பேட்டரி பற்றிப் பேச வரவில்லை, கதை பற்றி. "எரிந்துகொண்டிருந்தது, அப்புறம் எரியவில்லை" என்ற வரி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் முடிவு எனக்கு ஒப்பவில்லை. மருமகன் ஆசையாக வாங்கி வந்ததை ஒரு பஞ்ச் வசனத்தில் தள்ளிவிட்டுப் போகிறார் சூசை. நிஜத்தில் அந்த மாதிரி ஆள் இரண்டையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ரெண்டரைக் கிலோதானே கூடுதல். ஒன்று போனால் இன்னொன்று. எழுத்தாளர் அந்த வசனத்துக்காகக் கதையை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார் என்று தோன்றுகிறது.

---

உப்பளத்தான்

இல்லை. இரண்டையும் எடுத்துப் போவது வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறவர்களின் தீர்வு. சூசைக்குச் சுமைதான் பிரச்சினை. 17 கிலோவோடு இன்னும் ஒன்றா? மருமகன் வாங்கியது இருக்கும்போது அவர் பழசைத் தூக்கிப் போவதில் ஒரு வீம்பும் இருக்கிறது, அதை நான் சொல்லாமல் விட்டேன். அமலுக்கு அது புரிகிறது. அதனால்தான் அவன் பேசவில்லை.

---

ஜெபமாலை

வீம்புக்குத் தோளில் 17 கிலோ. நல்லா இருக்கு.

---

வாடைக்காற்று

நான் மீனவன் இல்லை, படகு பைபர் வேலை செய்கிறவன். எல்லோரும் சார்ஜ், வோல்ட் என்று போகிறீர்கள். கடல் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. அலை உள்ளே விழும். வெளியே வாரி இறைக்கும்போது பேட்டரி இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும். ஈய பேட்டரி இதைப் பல வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. லித்தியத்துக்குள் உப்புத் தண்ணீர் போனால் வெடிக்கும் என்கிறார்களே?

---

டெக்_பாண்டியன்

வாட்டர்ப்ரூப் டப்பாவில் வருகிறது ப்ரோ. பிசின் ஊற்றி மொத்தமாக அடைத்தது. தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது.

---

கம்பிவடம்

ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஈய பேட்டரிக்குள் கடல் தண்ணீர் புகுந்தால் அதுவும் சும்மா இருக்காது. ஆசிட்டோடு உப்பு சேர்ந்து சார்ஜ் ஏறும்போது குளோரின் வரும். மூச்சு அடைக்கும் சமாச்சாரம். அடைப்பு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

லித்தியத்தில் நான் மேசையில் திறந்து பார்த்த வரைக்கும், முதலில் போவது செல் அல்ல, போர்டு. கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்த வழியாக ஈரம் போய், போர்டில் செம்பெல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். மெல்லிய கம்பி ஒன்று அறுந்திருக்கும், அதோடு பேட்டரி "செத்துவிட்டது". செல் நான்கும் நன்றாக இருக்கும். போர்டை மாற்றினால் திரும்ப ஓடும். ஆனால் பாண்டியன் தம்பி சொன்ன மாதிரி பிசின் ஊற்றி அடைத்திருந்தால் அதைப் பிரிக்க முடியாது, அப்படியே போகவேண்டியதுதான். அடைத்தது தண்ணீருக்கு நல்லது, ரிப்பேருக்குக் கெட்டது.

தீப் பிடிப்பது என்பது பாஸ்பேட் வகையில் அபூர்வம், அந்த 11.1 வகையில்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதிலும் நனைந்தபோது ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு, காய்ந்து இரண்டு நாள் கழித்துச் சூடாவது உண்டு. நனைந்த பேக்கை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

---

வாடைக்காற்று

அடைத்த டப்பா எத்தனை மழைக்காலம் தாங்கும்?

---

கம்பிவடம்

நான் பார்த்தவற்றில் ஒரே சீசனில் போனதும் உண்டு, நல்லா ஓடுவதும் உண்டு. கம்பி நுழைகிற இடத்தைப் பார்த்து வாங்குங்கள், டப்பாவைப் படகின் தரையில் வைக்காமல் முன்பக்க அணியத்தில் உயரமாகக் கட்டுங்கள். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

---

டெக்_பாண்டியன்

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். சூசை ஒரு ராத்திரிக்கு எவ்வளவு எடுக்கிறார்? மூங்கில் விளக்கு 10 வாட், பத்து மணி நேரம், 100. வலை வாங்கும்போது 20 வாட் விளக்கு ரெண்டு மணி நேரம், 40. போன், ஜிபிஎஸ் ஒரு 20. மொத்தம் 160 வாட் ஹவர். 12.8 வோல்ட் 20 ஏஎச் என்றால் 256. அதில் 230 எடுக்கலாம். ஒரு ராத்திரிக்கு எடுத்தது போக 70 மிஞ்சும். கதையில் சோதனை செய்தது 40 வாட் லோடில், அதனால்தான் ஒன்றேகாலுக்கு அணைந்தது. நிஜக் கடலில் அது அணைந்திருக்காது. சூசை தப்பான சோதனையை வைத்து முடிவு எடுத்திருக்கிறார்.

---

கம்பிவடம்

இந்தக் கணக்கு சரி தம்பி. ஒரே ஒரு விஷயம். முதல் ராத்திரி மீன் பட்டு, கரைக்கு வராமல் இன்னொரு ராத்திரி தங்கினால்? 320 வேண்டும். 230 தான் இருக்கிறது. ரெண்டாவது ராத்திரி நடுவிலேயே போய்விடும். அதே இடத்தில் பழைய 40 ஏஎச் ஈய பேட்டரி, நல்ல நிலையில் இருந்தால், பாதிக்குக் கீழே போய் ஆயுளைத் தின்றுகொண்டு மங்கி மங்கி விடியும் வரை இழுத்துவிடும். தங்கு கடலுக்குப் போகிறவர் 40 ஏஎச் லித்தியம் வாங்க வேண்டும். அப்போதும் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், ஆனால் விலை ரெட்டிப்பு.

---

ஜெபமாலை

விலை பேசும்போது பழையது போடுகிறதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈய பேட்டரி செத்தாலும் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு புதுசில் கழிப்பார். அந்தப் பணம் இல்லாமல் நாங்கள் புதுசு வாங்கியதே இல்லை. அந்த நீல டப்பா செத்தால் யார் காசு கொடுப்பார்?

---

டெக்_பாண்டியன்

அக்கா, 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி லித்தியத்தையும் தயாரிப்பவரே திரும்ப எடுக்க வேண்டும்.

---

ஜெபமாலை

எடுக்க வேண்டும் என்பது வேறு, எங்கள் தெருக்கடையில் எடுப்பது வேறு. நான் கேட்டது காசு தம்பி.

---

சின்னமுட்டம்_ஜோ

அண்ணே, 12.8 வகை வாங்கலாம்னு இருக்கேன். பஸ்ஸர் மாட்டினா, எஞ்சின் ஓடும்போது சத்தம் கேக்குமா?

---

கம்பிவடம்

எஞ்சின் ஓடும்போது கேட்காது, வலை பாய்ச்சிவிட்டு எஞ்சினை அணைத்த பிறகு கேட்கும். அலைச் சத்தம் பெரிதாக இருக்கும் நாளில், அணியத்தில் மாட்டிவிட்டு நீங்கள் பின்னால் படுத்திருந்தால் சந்தேகம்தான். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, பேட்டரியிலிருந்து தனியாக ரெண்டு மெல்லிய கம்பி இழுத்துவிடுங்கள். விளக்குக்குப் போகிற கம்பியிலேயே கோர்க்காதீர்கள். நீளக் கம்பியில் வோல்ட் கொஞ்சம் குறைந்து பஸ்ஸர் முன்கூட்டியே கத்தும், நாலு நாள் கத்தினால் நீங்களே பிடுங்கிப் போட்டுவிடுவீர்கள்.

---

மூக்குக்கண்ணாடி

உப்பளத்தான், அமல் அந்த பஸ்ஸரை வாங்கி வந்தால் சூசை என்ன சொல்வார்?

---

உப்பளத்தான்

"அதுக்கு யாரு மாப்ள சார்ஜ் போடுறது?" என்று கேட்பார்.

---

கம்பிவடம்

பஸ்ஸருக்குத் தனியாகச் சார்ஜ் வேண்டாம். அதே பேட்டரியிலிருந்துதான் எடுக்கும், சில மில்லி ஆம்பியர். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் கடலுக்குப் போகாமல் இருந்தால் கழற்றி வையுங்கள். மாதக்கணக்கில் மாட்டியே விட்டால் அந்தச் சின்ன லோடே பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கிவிடும். அப்புறம் போர்டு பூட்டிக்கொள்ளும், முனையில் 0 வோல்ட் காட்டும், சார்ஜர் "பேட்டரியே இல்லை" என்று அடம்பிடிக்கும். அந்த நிலையில் பல பேர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால் பல நேரம் எழுப்பிவிட முடியும்.

---

சின்னமுட்டம்_ஜோ

எத்தனை ஆம்பியர் சார்ஜர் வாங்கணும்?

---

கம்பிவடம்

20 ஏஎச்-க்கு 5 ஆம்பியர் போதும். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 14.6 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.